அசைன்மென்ட் அனுப்பி ஒரு கிழமை, பதில் இல்லை: கேட்கலாமா?

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். கொழும்பில் ஒரு சாஃப்ட்வேர் கம்பனியில் ஜூனியர் டெவலப்பர் வேலைக்கு விண்ணப்பித்தேன். எச்.ஆர். மிஸ் வீட்டிலிருந்து செய்து அனுப்பச் சொல்லி ஒரு அசைன்மென்ட் தந்தார். போன புதன்கிழமை இரவு 11.40க்கு அனுப்பினேன். இன்றும் புதன். ஒரு வரி பதில்கூட இல்லை. நடுவில் திங்கள் போயா லீவு வந்தது, அதனாலா என்றும் தெரியவில்லை. கேட்டால் அவசரக்காரி என்று நினைப்பார்களா? அம்மா தினமும் "என்ன மகள், போன் வந்ததா" என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

கேட்கலாம் தங்கச்சி. யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். ஆனால் எழுதுவதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள்: நீங்கள் அனுப்பியது அவர்கள் பக்கத்தில் திறக்கிறதா? அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்து, இன்றைக்கே எழுதுவதா, வெள்ளிக்கிழமை வரை பொறுப்பதா என்பது மாறும்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. நான் தலவாக்கலை பக்கம். கொழும்பில் ஒரு கம்பனியில் முதல் இரண்டு வருடம் ஆட்சேர்ப்புப் பிரிவில் இருந்தேன். விண்ணப்பங்களைப் பிரித்து வைப்பது, இன்டர்வியூவுக்கு நேரம் ஒழுங்கு செய்வது என்று அந்த வேலை. பிறகு படித்து டெவலப்பர் பக்கம் போய், நான்கு வருடம் இந்த மாதிரி அசைன்மென்ட்களைத் திறந்து பார்த்து மார்க் போடும் ஆளாகவும் இருந்தேன். இப்போது ஊரிலிருந்தே வேலை செய்கிறேன். ஆக, எனக்குத் தெரிந்தது கொழும்பின் நடுத்தர அளவு சாஃப்ட்வேர் கம்பனிகள். வங்கிக்கும் அரசாங்க வேலைக்கும் நான் சொல்வது பொருந்தாது.

முதலில் நாளை எண்ணிப் பார்ப்போம். புதன் இரவு 11.40க்கு அனுப்பியது, அவர்கள் கணக்கில் வியாழன் காலையில் வந்தது. வியாழன் ஒன்று, வெள்ளி இரண்டு. சனி, ஞாயிறு இல்லை. திங்கள் போயா. செவ்வாய் மூன்று, இன்று புதன் நான்கு, அதுவும் இன்னும் முடியவில்லை. உங்களுக்கு ஏழு நாள் காத்திருந்த மாதிரி இருக்கிறது, அந்த ஒபிஸுக்கு அது மூன்றரை நாள். போயா சனி ஞாயிறோடு ஒட்டி வந்தால் இன்னொரு சங்கதியும் உண்டு. தூரத்து ஊர்க்காரர்கள் வெள்ளி மத்தியானமே பஸ் ஏறிவிடுவார்கள், செவ்வாய் காலையில் மெயில் குவிந்து கிடக்கும். சித்திரைப் புத்தாண்டுக் கிழமை என்றால் கேட்கவே வேண்டாம், அந்த நாட்களை என் கணக்கிலிருந்து அப்படியே கழித்துவிடுவேன்.

அந்த மூன்றரை நாளில் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன், அப்போது எதைக் கேட்க வேண்டும் என்பது தானாக விளங்கும். உங்கள் மெயில் எச்.ஆர். மிஸ்ஸுக்குப் போகிறது. அவருக்கு உங்கள் கோட் நல்லதா கெட்டதா என்று சொல்லத் தெரியாது, அது அவருடைய வேலையும் இல்லை. அவர் அதை ஒரு டெவலப்பருக்கு அனுப்பிவிட்டு, தன் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே "ரிவியூவில்" என்று போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். அந்த டெவலப்பருக்குத் தன் சொந்த வேலை இருக்கிறது. அசைன்மென்ட் பார்ப்பது அதற்கு மேலே வந்து விழுந்த வேலை, யாரும் அதற்குத் தனி நேரம் ஒதுக்கித் தருவதில்லை. ஒழுங்காகப் பார்க்க ஒன்றுக்கு முக்கால் மணி நேரமாவது எனக்குப் போகும். ரிலீஸ் இருக்கும் கிழமையில் நான் ஒன்றையும் தொட்டதில்லை, உண்மையைச் சொல்ல என்ன. ஒருமுறை பதினொரு பேருடைய அசைன்மென்ட் என்னிடம் தேங்கிக் கிடந்தது. ஒன்பதாம் நாள் ஆட்சேர்ப்புப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்று, "இந்தப் பிள்ளை கேட்டு எழுதியிருக்கிறார், என்ன சொல்ல?" என்றார். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த ஒன்றைத் திறந்தேன். மற்றப் பத்தும் இன்னும் நான்கு நாள் கிடந்தன.

நீங்கள் எழுதப்போகும் மெயிலின் வேலை அதுதான். எச்.ஆர். மிஸ்ஸிடம் இன்று பதில் இருக்காது. அவர் எழுந்து போய் இன்னொருவரைக் கேட்க ஒரு காரணத்தைக் கையில் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். அதனால் அந்த மெயிலை அவர் ஒரு சொல்லும் சேர்க்காமல் அந்த டெவலப்பருக்கு அப்படியே தள்ளிவிட முடிகிற மாதிரி இருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு எழுதினால் மீதி எல்லாம் தன்னால் சரியாக வரும்.

சரி, திறக்கிறதா என்று பார்க்கும் விஷயத்துக்கு வருவோம். எப்படி அனுப்பினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் நான் அதிகம் கண்ட மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

கிட்ஹப்பில் பிரைவேட் ரெபோவாக வைத்து, அவர்களுடைய கணக்கை அழைத்திருந்தால், இப்போதே அந்த ரெபோவின் `Settings` போய் `Collaborators` பாருங்கள். அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் `Pending invite` என்று இருந்தால் இன்னும் யாரும் உள்ளே வரவில்லை. இதில் ஒரு பொறி இருக்கிறது: அந்த அழைப்பு ஏழு நாளில் காலாவதியாகிவிடும். நீங்கள் போன புதன் இரவு அனுப்பியது இன்று இரவோடு முடிகிறது. நாளைக்கு அந்த டெவலப்பர் நல்ல மனதோடு உட்கார்ந்து அழுத்தினாலும் உள்ளே போக முடியாது. அழைப்பு மெயில் கிட்ஹப்பிலிருந்து வருவதால் பல கம்பனிகளில் அது யாரும் பார்க்காத ஒரு பொதுப் பெட்டியில் போய் விழும். நான் மார்க் போட்ட காலத்தில், "இந்த ஆள் ஒன்றும் அனுப்பவில்லை போல" என்று ஒதுக்கி வைத்து, பிறகு பார்த்தால் அழைப்பு வந்து செத்துப்போயிருந்தது இரண்டு முறையாவது நடந்திருக்கிறது. அந்தப் பிள்ளைகள் நாம் பதில் சொல்லவில்லை என்று நினைத்திருப்பார்கள், நாம் அவர்கள் அனுப்பவில்லை என்று நினைத்திருந்தோம்.

கூகுள் டிரைவ் லிங்க் கொடுத்திருந்தால், போனில் ஒரு இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்து, எந்தக் கணக்கிலும் உள்ளே போகாமல் அந்த லிங்க்கை அழுத்திப் பாருங்கள். அனுமதி கேட்கும் பக்கம் வந்தால் அவர்களுக்கும் அதுதான் வந்திருக்கும். டிரைவில் புதிதாக ஏற்றும் எதுவும் நாமாக மாற்றும் வரை `Restricted` ஆகவே இருக்கும். அவர்கள் அனுமதி கேட்டு அழுத்தியிருந்தால் அந்த மெயில் உங்களுக்கு வந்திருக்கும், ஆனால் எந்த ஜிமெயில் கணக்கில் கோப்பு இருக்கிறதோ அந்தக் கணக்குக்கு. கம்பஸ் கணக்கில் ஏற்றிவிட்டு வேலைக்குத் தனி மெயில் வைத்திருப்பவர்கள் இதில் மாட்டுவார்கள். ஸ்பாம், ப்ரமோஷன் பெட்டிகளையும் ஒருமுறை கிளறிப் பாருங்கள்.

ஜிப் கோப்பாக மெயிலோடு இணைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் கவலை. ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை ஜிமெயில் ஜிப்புக்குள் வைத்தாலும் தடுக்கும், அப்படியானால் அனுப்பும்போதே உங்களுக்குப் பிழை காட்டியிருக்கும். அது காட்டாமல் போயிருந்தாலும், கம்பனிகளின் மெயில் வடிகட்டி ஜிப்பைப் பிடித்து ஓரமாக வைத்துக்கொண்டால் இரண்டு பக்கத்துக்கும் தெரியாது. உங்களுக்கு அப்படி நடந்ததா என்று இங்கிருந்து எனக்குச் சொல்ல முடியாது, உங்களாலும் கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் ஜிப் அனுப்பியிருந்தால் கேட்கும் மெயிலிலேயே ஒரு லிங்க்கும் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, லைவாகப் பார்க்க ஒரு தளத்திலும் ஏற்றியிருந்தீர்களா? இலவசத் திட்டங்கள் தூங்கிவிடும். ரெண்டரில் இலவசமாக வைத்தது, பதினைந்து நிமிடம் யாரும் வராவிட்டால் உறங்கிப்போகும், அடுத்து வருகிறவர் ஒரு நிமிடம் வரை வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுபாபேஸில் இலவச டேட்டாபேஸ் என்றால் ஒரு கிழமை அசைவில்லாமல் இருந்தால் நிறுத்தி வைத்துவிடுவார்கள், நீங்களே உள்ளே போய் எழுப்பினால்தான் உண்டு. பாருங்கள், இங்கேயும் ஒரு கிழமைதான். மார்க் போடுபவர் முதல் முறையாகத் திறக்கிற நேரமும் இதெல்லாம் நின்றுபோகிற நேரமும் ஒன்றாக வந்துவிடுகின்றன.

யாராவது பார்த்தார்களா என்று துப்புப் பார்க்க ஆசை வரும். ரெபோ பப்ளிக் என்றால் `Insights`, அதில் `Traffic` போனால் கடைசி 14 நாளில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை முறை க்ளோன் செய்தார்கள் என்று காட்டும். அதை அதிகம் நம்ப வேண்டாம். க்ளோன் எண்ணில் தானியங்கிகளும் சேரும். முழுப் பூச்சியமாக இருந்தால் மட்டும் அதில் செய்தி இருக்கிறது: இன்னும் யாரும் திறக்கவில்லை. எண் ஏதாவது இருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இப்போது போன் விஷயம், நம்மூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள வில்லங்கம் இது. கொழும்பு எச்.ஆர். காரர்கள் முக்கியமான செய்தியை மெயிலில் எழுதுவதை விட எடுத்துக் கதைத்துவிடுவார்கள். ஒபிஸ் லைன் என்றால் எண் 011இல் தொடங்கும். நாம் இருக்கும் லயத்தில் சிக்னல் அடுப்படியில் ஒரு மூலையில் வரும், மழை வந்தால் அதுவும் இல்லை. சிக்னல் இல்லாத நேரத்தில் வந்த அழைப்பு போன் பட்டியலில் விழவே விழாது. மிஸ்ட் கால் என்று பிறகு ஒரு எஸ்எம்எஸ் வந்திருக்கலாம், அதை நாம் விளம்பரம் என்று தள்ளியிருப்போம். போன வியாழனிலிருந்து வந்த எஸ்எம்எஸ்களை ஒருமுறை மேலே தள்ளிப் பாருங்கள். 011 ஒன்று இருந்தால், முந்துங்கள், இன்றைக்கே அந்த எண்ணுக்கு எடுங்கள். திரும்ப எடுத்தால் பெரும்பாலும் ரிசெப்ஷன்தான் வரும். ஆட்சேர்ப்புப் பிரிவு வேண்டும் என்று சொல்லி, உங்கள் பெயரையும் எந்த வேலை என்பதையும் சொன்னால் போதும்.

இவ்வளவும் பார்த்தபிறகு இரண்டு நிலைமைதான் இருக்கும். ஒன்று, ஏதோ ஒன்று திறக்கவில்லை. அப்படியானால் காத்திருக்கத் தேவையில்லை. சரிசெய்யுங்கள், புதிய அழைப்பை அனுப்புங்கள், உடனே எழுதுங்கள். இந்த மெயிலில் முடிவைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். இப்படி இருந்தால் போதும், ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"வணக்கம் மிஸ். ஜூனியர் டெவலப்பர் பதவிக்கான அசைன்மென்ட்டைக் கடந்த புதன்கிழமை அனுப்பியிருந்தேன். கிட்ஹப் அழைப்பு இன்னும் ஏற்கப்படாமல் இருந்தது, அது இன்றோடு காலாவதியாகும் என்பதால் புதிதாக ஒன்று அனுப்பியிருக்கிறேன். கோடில் எந்த மாற்றமும் செய்யவில்லை. திறப்பதில் சிரமம் இருந்தால் சொல்லுங்கள், வேறு வழியில் அனுப்புகிறேன்."

"கோடில் மாற்றம் செய்யவில்லை" என்ற வரி முக்கியம். அதை எழுத முடிய வேண்டுமானால் உண்மையிலேயே மாற்றாமல் இருக்க வேண்டும். காத்திருக்கிற நாளில் கை அரிக்கும், ஒரு பிழை கண்ணில் படும், திருத்திப் புஷ் செய்துவிடுவோம். காலக்கெடுவுக்குப் பிறகு வந்த கமிட்டை நான் பார்த்த நேரமெல்லாம் எது அனுப்பியது, எது பிறகு சேர்த்தது என்று பிரிப்பதே ஒரு வேலையாகிவிடும். நான் அதற்கு மார்க் குறைத்ததில்லை, பக்கத்து மேசைக்காரர் குறைப்பார். திருத்தியே ஆக வேண்டுமானால் தனிக் கிளையில் வையுங்கள், அனுப்பிய கமிட்டுக்கு ஒரு அடையாளம் போட்டுவிடுங்கள்:

```
git tag submitted <commit>
git push origin submitted
```

`<commit>` இருக்கும் இடத்தில் புதன் இரவு கடைசியாகச் செய்த கமிட்டின் எண்ணைப் போட வேண்டும், `git log` அடித்தால் வரும்.

இரண்டாவது நிலைமை, எல்லாம் திறக்கிறது, அழைப்பையும் ஏற்றிருக்கிறார்கள். அப்படியானால் இன்றும் நாளையும் விடுங்கள். நாளை மாலையோடு ஐந்து முழு வேலைநாள் ஆகிறது, வெள்ளி காலையில் எழுதலாம். இந்த ஐந்து நாள் என்பது எங்கேயும் எழுதிவைத்த சட்டம் இல்லை, என் பழக்கம். நான்காம் நாளில் எழுதினாலும் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் அசைன்மென்ட் தரும்போது "இரண்டு கிழமையில் சொல்வோம்" என்கிற மாதிரி ஏதாவது ஒரு நாளைச் சொல்லியிருந்தால், என் ஐந்து நாளை மறந்துவிடுங்கள். அவர்கள் சொன்ன நாள் தாண்டி அடுத்த வேலைநாளில் எழுதுங்கள். தரும்போது வந்த மெயிலை இன்னொரு முறை அடிவரை படியுங்கள், அந்த வரி பெரும்பாலும் கீழேதான் கிடக்கும்.

வெள்ளி காலை மெயில் இப்படி:

"வணக்கம் மிஸ். ஜூனியர் டெவலப்பர் பதவிக்கான அசைன்மென்ட்டைக் கடந்த வாரம் புதன்கிழமை அனுப்பியிருந்தேன், லிங்க் கீழே. மதிப்பீடு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த கட்டம் பற்றி எப்போது எதிர்பார்க்கலாம் என்று சொல்ல முடியுமா? கோடைப் பற்றிக் கேள்விகள் இருந்தால் விளக்கத் தயாராக இருக்கிறேன். நான் இருக்கும் இடத்தில் சிக்னல் சில நேரம் விட்டுவிடும். காலை 10 முதல் 12 வரை இந்த எண்ணில் கட்டாயம் கிடைப்பேன், மற்ற நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் நானே எடுக்கிறேன்."

ஏன் இந்த வடிவம் என்றால், "எப்போது" என்று கேட்டால் அவர் ஒரு நாளைச் சொல்லிவிடலாம். "ஏதாவது அப்டேட் உண்டா" என்று மட்டும் கேட்டால் அவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லாததற்கு யாரும் பதில் எழுத மாட்டார்கள். லிங்க்கை மறுபடி வைப்பது அவர் அப்படியே டெவலப்பருக்குத் தள்ளுவதற்காக. பழைய மெயிலுக்கே ரிப்ளையாக அனுப்புங்கள், அப்போது உங்கள் விண்ணப்பம், அசைன்மென்ட், எல்லாம் கீழே சங்கிலியாக இருக்கும். புதிதாகத் தொடங்கினால் நீங்கள் யார் என்று அவர் தேட வேண்டும், தேடுகிறவர் "பிறகு பார்ப்போம்" என்று வைத்துவிடுவார். மன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம். "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று தொடங்கும் மெயில்கள் நிறையப் பார்த்திருக்கிறேன், அதில் பாதி தோட்டத்துப் பிள்ளைகளுடையது. துரை பங்களாவுக்குப் போய் நிற்கிற மாதிரி நிற்க வேண்டியதில்லை. அவர்கள் தந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறீர்கள், அது எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்கள்.

காலையில் சிக்னல் இருக்குமா என்று பயந்தால் முதல் நாள் இரவே எழுதி, ஜிமெயிலில் `Schedule send` போட்டுக் காலை 9.30க்கு வையுங்கள். அது கூகுள் பக்கத்திலிருந்து போகும், அந்த நேரத்தில் உங்கள் போன் அணைந்து கிடந்தாலும் பரவாயில்லை.

யாருக்கு எழுதுவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். அசைன்மென்ட் தந்த அதே மிஸ்ஸுக்கு. லிங்க்ட்இன்னில் அந்தக் கம்பனி டெவலப்பர் யாரையாவது தேடிப்பிடித்து "என்னுடையதைப் பார்த்தீர்களா" என்று எழுத வேண்டாம். எனக்கு அப்படி வந்திருக்கிறது. நான் அதற்குப் பதில் சொன்னால் மற்றவர்களுக்கு அநியாயம், சொல்லாவிட்டால் மனசு கேட்காது, கடைசியில் எச்.ஆருக்கே தள்ளினேன். நேரடிக் கம்பனி இல்லாமல் இடையில் ஏஜென்ஸி ஒன்று இருந்தால் ஏஜென்ஸி ஆளிடம்தான் கேட்க வேண்டும், கம்பனிக்குத் தாண்டிப் போகக் கூடாது. வாட்ஸ்அப் என்றால், அவர் முன்னால் உங்களுக்கு அதில் எழுதியிருந்தால் மட்டும், ஒபிஸ் நேரத்தில், ஒரு முறை. வாய்ஸ் நோட் வேண்டாம்.

இனி, பதில் இல்லாததற்கு என்ன அர்த்தம் என்று அம்மா கேட்டால் என்ன சொல்வது? எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: முதல் ஐந்து வேலைநாள் மௌனத்தில் எந்தச் செய்தியும் இல்லை. நல்ல கோடும் அவ்வளவு நாள் கிடந்திருக்கிறது, மோசமானதும் கிடந்திருக்கிறது. அதற்குப் பிறகு நீளும் மௌனத்தில்தான் ஊகம் வரும். நான் உள்ளே இருந்து அடிக்கடி கண்டது இது: ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, அல்லது இப்போதிருக்கும் கம்பனியில் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு அங்கேயே சம்பளம் கூட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டாவது இடத்தில் இருப்பவருக்கு "இல்லை" என்றும் சொல்ல மாட்டார்கள், "சரி" என்றும் சொல்ல மாட்டார்கள். எச்.ஆர். மிஸ்ஸுக்கு இதை உங்களிடம் சொல்ல அனுமதி கிடையாது. அந்த நேரத்தில் வரும் பதில் "இன்னும் பரிசீலனையில் இருக்கிறது" என்று ஒரு வரியாக இருக்கும், நாள் எதுவும் இருக்காது. நாளோடு பதில் வந்தால் உங்களுடையதை இன்னும் பார்க்கவில்லை அல்லது இப்போதுதான் பார்க்கிறார்கள் என்று எடுப்பேன். நாளே இல்லாமல் இரண்டு முறை வந்தால் இரண்டாவது இடம் என்று எடுப்பேன். இது என் வாசிப்பு, பிழைக்கவும் கூடும். அந்த வேலைக்கான பணமே நின்றுபோயிருந்தாலும் இதே மாதிரி ஒரு வரிதான் வரும்.

வேறு கம்பனி உங்களுக்கு ஓஃபர் கொடுத்திருந்தால் மட்டும் அதைச் சொல்லலாம், கடைசி நாளோடு: "எனக்கு இன்னொரு இடத்தில் ஓஃபர் வந்திருக்கிறது, அடுத்த வியாழனுக்குள் பதில் சொல்ல வேண்டும், ஆனால் உங்கள் முடிவைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்." அப்போது ஒன்றில் வேகமாக நகர்வார்கள், இல்லாவிட்டால் "போய் வாருங்கள்" என்று விட்டுவிடுவார்கள். இல்லாத ஓஃபரை இருப்பதாக எழுதிய ஒருவருக்கு நாங்கள் வாழ்த்துச் சொல்லி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். மூன்று நாளில் அவரே திரும்ப எழுதினார்.

வெள்ளி மெயிலுக்கும் பதில் வராவிட்டால் இன்னும் ஐந்து வேலைநாள் விட்டு ஒருமுறை. இது இன்னும் சிறியது: முந்தைய மெயிலை நினைவூட்டி, பதவி நிரப்பப்பட்டுவிட்டதா என்று மட்டும் தெரிந்தால் உதவியாக இருக்கும் என்று கேளுங்கள். ஆமா, இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விக்கு மௌனமாக இருப்பவர்களும் சில நேரம் வாய் திறப்பார்கள். அதற்கும் வரவில்லை என்றால் நான் நிறுத்திக்கொள்வேன், மற்ற இடங்களுக்கு விண்ணப்பிப்பதை எப்படியும் இதற்காக நிறுத்தியிருக்கக் கூடாது.

நிறுத்துவது என்றால் ரெபோவை அழிப்பது என்று எடுத்துவிடாதீர்கள். நானே அந்தப் பிழையை விட்டேன். முதன்முதலாக டெவலப்பர் வேலைக்கு முயன்ற காலத்தில் ஒரு கம்பனிக்கு அனுப்பிவிட்டு இரண்டு முறை கேட்டேன், பதில் இல்லை, கோபத்தில் ரெபோவைத் தூக்கிவிட்டேன். ஐந்தாவது கிழமை ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் 011 எண்ணிலிருந்து அழைப்பு. முன்னால் எடுத்த ஆள் வரவில்லையாம், நாளைக்கு வீடியோவில் வந்து உங்கள் கோடைத் திறந்து காட்டி விளக்க முடியுமா என்றார்கள். லெப்டொப்பில் பழைய பிரதி ஒன்று இருந்தது, அனுப்பியது எது, அதற்குப் பிறகு நான் கிறுக்கியது எது என்று எனக்கே தெரியவில்லை. அன்று இரவு முழுக்க அதைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.